கண்ணுக்கு லீவு கிடையாது

பண்டமாரான் பக்கத்துக் குடியிருப்புகளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் சுகுமாறனைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். முதலில் அவர் வாயைப் பற்றிச் சொல்வார்கள். அது கொஞ்சம் நீளம்தான். அதற்கு அடுத்தபடியாக அவர் நேரத்தைப் பற்றிச் சொல்வார்கள். இருபது வருடத்துக்கு மேலாகப் பள்ளி வேன் ஓட்டுகிறார். அவருடைய வேனில் போய் ஒரு பிள்ளையும் கொடிப்பாட்டுக்குப் பிந்தி நின்றதில்லை. மழை கொட்டினாலும், துறைமுகத்துக்குப் போகிற லோரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றாலும், சந்துபொந்தில் புகுந்தாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.

அந்தப் பெருமையில் பாதி அவர் போனுக்குச் சேர வேண்டியது. காலையில் எழுந்திருப்பதிலிருந்து கடைசி வீட்டு வாசல் வரைக்கும் வீட்டுக்கு ஓர் அலாரம் வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ‘ரேஷ்மா, கேட் பூட்டியிருக்கும்.’ ‘இர்ஃபான், தங்கச்சியும் சேர்த்து.’ மத்தியானப் பள்ளிக்குத் தனி வரிசை. எல்லாம் திங்கள் முதல் வெள்ளி வரை தானாக அடிக்கும். வேன் ஓட்டுகிறவருக்கு வாரம் என்றால் ஐந்து நாள்தான். மற்ற இரண்டும் கொசுறு.

பள்ளி விடுமுறை விட்டால் அவருக்கு ஒரு சடங்கு உண்டு. கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டதும் வேனை ஒரு நிழலில் நிறுத்துவார். நுரை பொங்க ஆற்றிய தேநீர், தே தாரிக், ஒன்றைப் பையில் கட்டி வாங்கிக்கொள்வார். போனை எடுத்து அலாரங்களை ஒவ்வொன்றாக அணைப்பார். “ரேஷ்மா, உனக்கு லீவு. இர்ஃபான், உனக்கும் லீவு.” பிள்ளைகளுக்கு இல்லாத சந்தோஷம் அந்த மனிதருக்கு இருக்கும்.

ஆனால் வேனை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் கதையே வேறு. மின்சார பில் என்றைக்குக் கட்ட வேண்டும், வேனுக்கு ரோட் டேக்ஸ் எப்போது முடிகிறது, தன்னுடைய கொலஸ்ட்ரால் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது, ஒன்றும் தெரியாது. அதெல்லாம் மனைவி மாதவியின் இலாகா. மாதவி அலாரம் வைக்கிறவள் இல்லை. எல்லாம் மண்டையில் இருக்கும். தேதி வந்தால் சமையலறையிலிருந்து குரல் வரும். இவர் “ஆங், செய்றேன்” என்பார். மறுபடி வரும். மறுபடியும் “ஆங்.” மூன்றாவது முறைதான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். முப்பது வருடக் குடும்பம் இந்தக் கணக்கில்தான் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

போன வருடம் படிக்கிற கண்ணாடி வாங்கப் போன இடத்தில்தான் வினை வந்தது. கடையில் கண் பரிசோதித்த பெண் முகத்தைச் சுருக்கி, “அங்கிள், ஆஸ்பத்திரிக்குப் போங்க, தள்ளிப் போடாதீங்க” என்று கடிதம் எழுதிக் கொடுத்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, இடது கண்ணில் ஓரப் பார்வை கொஞ்சம் போயிருக்கிறது என்று. வலி கிடையாது, சிவப்பு கிடையாது. சத்தம் போடாமல் ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வருகிற வியாதி. டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், மகள் வயதுதான் இருக்கும். மலாயிலேயே ஒளிக்காமல் சொன்னார். “போன பார்வை திரும்பாது அங்கிள். இருக்கிறதைக் காப்பாத்தலாம். அதுக்கு மருந்தை ஒரு நாள்கூட விடக் கூடாது.”

“வேன் ஓட்டலாமா டாக்டர்?”

“இப்போதைக்கு ஓட்டலாம். இதுக்கு மேல போச்சுன்னா முடியாது.”

அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் அந்த நீள வாய் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மாதவிக்கு அதுவே பெரிய பயமாக இருந்தது.

மருந்து இரண்டு. மஞ்சள் மூடி போட்டது காலையிலும் மாலையிலும். பச்சை மூடி போட்டது மாலையில் மட்டும். மாலையில் முதல் மருந்தை விட்டுக் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திக்கொள்ள வேண்டும். குறைந்தது ஐந்து நிமிடம் கழித்துத்தான் அடுத்தது. முன்னாலேயே விட்டால் இரண்டாவது வந்து முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். பாட்டிலைத் திறந்து நாலு வாரம் ஆனால், மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதைத் திறக்க வேண்டும். சுகுமாறன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டவள் மாதவி.

அன்று மாலையிலிருந்து அது அவள் வேலையானது. இவர் நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்காருவார். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கீழ் இமையை மெல்ல இழுத்துப் பிடித்து, ஒரு சொட்டு விடுவாள். ஒரே சொட்டு, உள்ளே போய்விடும். சுகுமாறன் இதற்கு முன் மனைவியின் முகத்தை அவ்வளவு பக்கத்தில் தினம் இரண்டு வேளை பார்த்த காலம் ஒன்று இருந்தது. அது கல்யாணமான புதிது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஜொகூர் பாருவில் இருக்கிற மகள் விஷ்ணுப்ரியாவுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. தலைப்பிரசவம். மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு முன் எல்லையைத் தாண்டப் புறப்பட்டால் இருட்டித்தான் வருவார். தாய் போகாமல் முடியாது. ஆனால் மாதவி பெட்டியை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தாள்.

“அவளுக்கு நான் வேணும். உங்க கண்ணுக்கும் நான் வேணும். நான் என்ன ரெண்டா பிச்சுக்கறது?”

“அடியேய், முப்பது வீட்டுப் பிள்ளைங்களை நேரத்துக்கு ஏத்தறவன் நான். என் கண்ணுக்கு நான் சொட்டு விட மாட்டேனா? போய்ட்டு வா லா.”

அவள் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். நம்பவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. “போனைக் குடுங்க” என்றாள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மகளைத் தன் போனில் வைத்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல மாதவி அமைத்தாள். காலைச் சொட்டுக்கு ஓர் அலாரம், மாலைச் சொட்டுக்கு ஓர் அலாரம், ஏழு கிழமையையும் தட்டிவிட்டு. இரண்டு மருந்துக்கும் நடுவில் ஐந்து நிமிட டைமரை முகப்பிலேயே எடுத்து வைத்தாள். பாட்டில் மாற்றுகிற விஷயத்தில் கொஞ்சம் தடுமாறினாள். அலாரம் கிழமையைத்தான் கேட்டது. நாலு வாரத்துக்கு ஒரு தரம் என்றால் அதற்குப் புரியவில்லை. “அதைக் காலண்டர்ல போடுங்கம்மா. நாலு வாரத்துக்கு ஒருதடவைன்னு குடுத்தா அது பாத்துக்கும்” என்றாள் மகள். மின்சாரம், தண்ணீர் பில் தேதிகளும் கண் கிளினிக் போகிற நாளும் காலண்டரில் ஏறின. கருவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுகூட ஏறியது. சுகுமாறன் அதைப் பார்த்து, “இன்னும் நான் மூச்சு விடறதுக்கு வைக்கல” என்றார்.

கடைசியாகத்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அலாரத்துக்கு வருகிற டிங்டாங்கெல்லாம் இவர் காதில் ஏறாது. தன் குரலையே பதிவு செய்து அலாரச் சத்தமாக வைத்தாள். “ஏங்க, கண்ணு மருந்து! எழுந்திரிங்க, கண்ணு மருந்து!”

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் ஒன்றை மறந்துவிட்டாள். அந்தக் குரலைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் இருக்க முப்பது வருடமாகப் பயிற்சி எடுத்தவர் அவர்.

அவள் பஸ் ஏறிய அன்று மாலை போன் கூப்பிட்டது. “ஏங்க, கண்ணு மருந்து!” சுகுமாறன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஆங், போடறேன்” என்றார். குரல் நிற்கவில்லை. “வரேன்னு சொல்றேன்ல!” என்று போனைத் தட்டி அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சமையலறையில் இருப்பவள் மூன்றாவது முறை கூப்பிடுவாள். போன் கூப்பிடாது. நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட்டு மரியாதையாக வாயை மூடிக்கொள்ளும். படுக்கப் போகும்போதுதான் ஐயோ என்று எழுந்து ஓடினார்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் நடந்தது இன்னும் மோசம். தீபாராதனை நேரம். போனைச் சைலண்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போயிருந்தார், தப்பு சொல்லக் கூடாது. ஆனால் அழைப்பு மணியைத்தான் சைலண்ட் அடக்கும், அலாரத்தை அடக்காது. மணியோசை நின்று எல்லோரும் கைகூப்பிய அந்த ஒரு நொடியில், அவர் சட்டைப் பையிலிருந்து மாதவி உரக்கக் கூப்பிட்டாள். “ஏங்க, கண்ணு மருந்து! எழுந்திரிங்க!” குருக்கள் தட்டோடு திரும்பிப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். “மாதவி ஜொகூருக்குப் போய்ட்டாங்களே, எப்படி இங்க?” என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

அந்த வெட்கத்தில் ஒரு நல்லது நடந்தது. மனிதர் யோசித்தார். பிள்ளை வேனுக்குள் ஏறிக் கதவு சாத்தாமல் அடுத்த வீட்டுக்குப் போவாரா? மாட்டார். அப்படியானால் சொட்டு கண்ணுக்குள் போகாமல் அலாரத்தை மட்டும் எதற்கு அணைக்கிறோம்? அன்றிலிருந்து விதி வைத்துக்கொண்டார். அலாரம் அடித்தால் அடிக்கட்டும், அணைக்கக் கூடாது. போனை மருந்துப் பாட்டில் பக்கத்திலேயே வைப்பது, கத்தக் கத்த எழுந்து போவது, சொட்டு விட்ட பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு அதை நிறுத்துவது. ஐந்து நிமிட டைமர் ஓடும்போது நாற்காலியை விட்டு அசையக் கூடாது; அசைந்தால் வாசலில் யாரிடமாவது பேச நின்றுவிடுவார், பச்சை மூடி அம்போதான். இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகப் பட்டுத் தெரிந்துகொண்டது. கிளினிக்கில் அந்த முறை அழுத்தம் பார்த்தபோது சரியாக இருந்தது. அவர் மாதவிக்குப் போன் போட்டு, “பாத்தியா?” என்றார். அவள் சிரித்த சிரிப்பில் ஜொகூர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த வயிற்றுப்பிள்ளைக்காரி எழுந்துவிட்டாளாம்.

பேத்தி பிறந்தாள். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். விஷ்ணுப்ரியாவுக்குத் தையல் போட்ட இடம் ஆறத் தாமதமானது. மாதவி திரும்புகிற நாள் தள்ளிப் போனது. “நீங்க சரியா போட்டுக்கறீங்கன்னுதாங்க நான் நிம்மதியா இங்க இருக்கேன்” என்றாள். அந்த வார்த்தை சுகுமாறனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கல்யாணமாகி முதல் தடவையாக ஒரு வீட்டு விஷயத்தில் அவரை நம்பியிருக்கிறாள்.

பள்ளி விடுமுறை வந்தது.

வழக்கம்போல வேனை நிழலில் நிறுத்தி, தே தாரிக் கட்டி வாங்கிக்கொண்டு, போனை எடுத்தார். பக்கத்தில் பாலன் வந்து நின்றார். அவரும் பள்ளி வேன் ஓட்டுகிறவர், பழைய சிநேகிதர்.

“என்ன பாஸ், ஒண்ணொண்ணாவா அணைப்பீங்க? இப்படிக் குடுங்க. ஒண்ண அழுத்திப் பிடிச்சுக்கங்க. மேல ‘எல்லாம்’னு இருக்கா? தட்டுங்க. கீழ ஆஃப். முடிஞ்சிச்சு.”

ஒரே தட்டு. வரிசையாக எல்லாமே சாம்பல் நிறமானது. ரேஷ்மாவுக்கு லீவு, இர்ஃபானுக்கு லீவு. அந்த வரிசையின் கடைசியில் இருந்த இரண்டும் சேர்ந்து சாம்பலானதை அவர் பார்க்கவில்லை. “அட, இவ்ளோ சுலபமா!” என்று பாலனுக்கும் ஒரு தே வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை வெயில் முகத்தில் அடிக்கிற வரைக்கும் தூங்கினார். வீடு அமைதியாக இருந்தது. எவ்வளவு அருமையான அமைதி! மீன் பிடிக்கப் போனார். பாலனோடு பத்துமலைக்கு ஒரு நாள் போய் வந்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு நாள் வாழையிலைச் சாப்பாடு, சாப்பிட்டு முடித்துக் கடை கடையாக நின்று பேச்சு. சில நாள் குளிர்பெட்டிப் பக்கம் பாட்டிலைப் பார்த்தால், போட்டோமா இல்லையா என்று ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு முறை போட்டால் தப்பாகிவிடுமே என்று வைத்துவிடுவார். அடிக்கிற அலாரத்தை அணைக்கக் கூடாது என்று விதி வைத்தவருக்கு, அடிக்காத அலாரத்துக்கு ஒரு விதியும் இல்லை. அலாரம் அடிக்கவில்லை என்றால் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அவர் மூளை அப்படிப் பழகிவிட்டிருந்தது. இருபது வருடப் பழக்கம், அதைக் குற்றம் சொல்லி என்ன செய்வது?

மாதவியும் முன்போலத் தினம் கேட்பதில்லை. குழந்தை அவள் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது. “எல்லாம் சரிதானே?” என்பாள். “எல்லாம் சரி” என்பார். பொய் சொல்லவில்லை. அவருக்கே அப்படித்தான் இருந்தது.

விடுமுறை முடிகிற வாரத்தில் காலண்டர் டிங் என்றது. ‘பாட்டிலை மாத்துங்க.’ அதை யாரும் அணைத்திருக்கவில்லை; அது அலாரத்தோடு சேர்ந்ததில்லை. சுகுமாறன் நல்ல பிள்ளையாக எழுந்து போய்ப் பழைய பாட்டில்களைக் கையில் எடுத்தார். போன தடவை மாற்ற எடுத்தபோது இரண்டும் வெறுமையாக, இலேசாக இருந்தன. இன்றைக்குக் கனத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மருந்து பாதிக்கு மேல் நின்றது.

போனைத் திறந்து பார்த்தார். மேலிருந்து கீழ் வரைக்கும் சாம்பல். கடைசியில் மாதவி வைத்த இரண்டும் சாம்பல். இத்தனை நாள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பொத்தி எதிர்ச்சுவரைப் பார்த்தார். குறைந்திருக்கிறதா, அப்படியேதான் இருக்கிறதா, தெரியவில்லை. தெரியாமல் தின்பதுதானே அதன் குணம்.

கிளினிக்கில் டாக்டர் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். “ஏறிடுச்சு அங்கிள். மருந்து போட்டீங்களா?”

சுகுமாறன் நடந்ததைச் சொன்னார். லீவு விட்ட கதை, தே தாரிக், பாலன், எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. ஓரப் பார்வைப் பரிசோதனைக்கு உள்ளே அனுப்பினார். பெட்டிக்குள் முகத்தை வைத்து, புள்ளி புள்ளியாக மின்னும் வெளிச்சம் தெரிந்தபோதெல்லாம் பொத்தானை அழுத்தினார். தெரியாமல் எத்தனை மின்னிப் போனதோ என்ற பயத்தில் அவருக்கு முதுகெல்லாம் வேர்த்தது.

“இந்தத் தடவை தப்பிச்சிட்டீங்க, பழைய அளவுதான் இருக்கு. ஒழுங்காப் போட்டுட்டு அடுத்த மாசம் வாங்க. அப்பவும் இறங்கலேன்னா வேற வழி யோசிக்கணும். ஆபரேஷன்கூட வரலாம்” என்றார் டாக்டர்.

மாதவியிடம் சொல்வதா வேண்டாமா? சொன்னால் கிளம்பி வந்துவிடுவாள். அங்கே ஒருத்தி இன்னும் நிமிர்ந்து நிற்க முடியாமல் இருக்கிறாள். சொல்லாவிட்டால் அவளை ஏமாற்றியது போலாகும். கடைசியில் அன்று மாலை போன் போட்டார். வாய் நீளமான மனிதர். உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது.

அந்தப் பக்கம் அழுகிற குழந்தையைத் தட்டிக்கொண்டே மாதவி கேட்டாள்.

“அப்ப... பள்ளிக்கூடப் பிள்ளைங்களோட சேத்து என்னையும் அணைச்சிட்டீங்களா?”

“தெரியாம லா. பாலன் சொன்னான், நான் தட்டினேன்.”

“அவங்களுக்கு லீவுங்க. கண்ணுக்கு லீவு கிடையாதுங்க!” அவள் குரல் உடைந்தது. “நாளைக்கே நான் வரேன். இவ பாத்துக்குவா. கண்ணு போச்சுன்னா என்ன செய்வீங்க? வேன் ஓட்டாம நீங்க ஒரு நாள் வீட்டுல உக்காருவீங்களா? செத்துப் போய்டுவீங்க.”

“வராத.”

“ஏன் வரக் கூடாது?”

“நீ அங்க இருக்கிறதுக்கு நான் ஒழுங்கா இருக்கணும்னுதானே பேச்சு? ஒரு தடவை தப்புப் பண்ணிட்டேன். இன்னொரு தடவை குடு. அடுத்த மாசமும் ஏறியிருந்தா நானே வந்து கூட்டிட்டு வரேன்.”

அவள் அழுதாள். திட்டினாள். பாலனையும் சேர்த்துத் திட்டினாள். வராமலிருக்கச் சம்மதித்தாள்.

மறுநாள் சுகுமாறன் மேசை இழுப்பறையிலிருந்த பழைய போனைத் தேடி எடுத்துச் சார்ஜ் போட்டார். ஒரு மூலையில் கண்ணாடி கீறியிருந்தது, மற்றபடி ஓடியது. பள்ளிப் பிள்ளைகளின் அலாரம் அத்தனையையும் அதில் ஏற்றினார். கையிலிருந்த போனில், திரும்பவும் ஆன் செய்த அந்த இரண்டு குரல்கள் மட்டும் நின்றன. இனிமேல் லீவு விட்டால் பழைய போனையே அணைத்து வேனில் போட்டுவிடலாம். மாதவிக்கு லீவு விட முடியாது. பாலனிடம் இந்த ஏற்பாட்டைக் காட்டினார். பாலன் குற்ற உணர்ச்சியோடு, “அந்தப் பட்டனை நான் காட்டாம இருந்திருக்கணும்” என்றார். “நீ காட்டினது நல்ல பட்டன்தான். என் மூளையிலதான் ரெண்டு விஷயம் ஒரே பெட்டியில இருந்திச்சு” என்றார் சுகுமாறன்.

அந்த மாதம் முழுக்க அவர் ஒரு வேளைகூட விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடவில்லை. பங்சாரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், பந்தியில் பாதியிலேயே எழுந்து கையைக் கழுவி, மண்டப வாசலில் தலையை அண்ணாந்துகொண்டு நின்றார். ஆனால் ஒரு தொல்லை இருந்தது. ஒரு கையால் இமையைப் பிடித்து மறு கையால் பாட்டிலைக் கவிழ்க்கும்போது கண் தானாகச் சிமிட்டிவிடும். சொட்டு கன்னத்தில் வழியும். இன்னொன்று, அது இமைமயிரில். மூன்றாவதுதான் உள்ளே போகும். இதனால் பாட்டில் நாலு வாரத்துக்கு முன்னாலேயே தீர்ந்து, மருந்துக் கவுண்டரில் போய்க் கெஞ்சி நிற்க வேண்டியதாயிற்று. அதை அவர் மாதவியிடம் சொல்லவில்லை. அவளைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று அந்த ஒன்றை மட்டும் எப்படியோ வாய்க்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் டாக்டர் கருவியிலிருந்து முகத்தை எடுத்தார். “நல்லா இறங்கியிருக்கு அங்கிள். இப்படியே போடுங்க. ஆபரேஷன் பேச்சு இப்போ வேணாம்.”

சுகுமாறனுக்கு அந்த அறையிலேயே கையைத் தட்ட வேண்டும் போலிருந்தது. மருந்து வாங்குகிற இடத்தில் எண் சீட்டை எடுத்துக்கொண்டு, நாற்காலியில் உட்காரக்கூடப் பொறுக்காமல் நின்றபடியே போன் போட்டார்.

“மாதவி! இறங்கிடுச்சு! டாக்டரே சொல்லிட்டாங்க. ஒரு நாள் விடல நான். நீ அவசரப்படாத, இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுக்கூட வா. இங்க எல்லாம் நானே பாத்துக்கறேன். கரண்டு பில் கட்டிட்டேன், தண்ணி பில் கட்டிட்டேன், கருவேப்பிலை தழைஞ்சு நிக்குது.”

அவள் குதிப்பாள் என்று எதிர்பார்த்தார்.

“நல்லதுங்க” என்றாள். அவ்வளவுதான்.

“என்ன, சந்தோஷமா இல்லியா?”

“சந்தோஷந்தான். சாமி கண்ணைத் திறந்துட்டார்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இங்கயும் இவளுக்கு எல்லாமே போன்லதாங்க. எந்தப் பக்கம் எத்தனை நிமிஷம் பால் குடுத்தா, அடுத்தது எப்போ, ஊசி என்னிக்கு, எல்லாம் அதுவே சொல்லுது. நான் சொன்னா, ‘தெரியும்மா, இன்னும் நேரம் இருக்கு’ங்கறா. உங்களுக்கும் அப்படியே பழகிப் போச்சு. நல்லதுதானே? எனக்குத்தான் காலையில எழுந்தா என்ன ஞாபகம் வச்சுக்கணும்னே தெரியல.”

சுகுமாறன் சீட்டைக் கையில் மடக்கிக்கொண்டே நின்றார். வீட்டு விஷயம் புரிவதற்கு அவருக்கு மூன்று முறை கூப்பிட வேண்டும். இது முதல் முறையிலேயே புரிந்தது. முப்பது வருடமாக அவர் “ஆங், ஆங்” என்று காலம் தள்ளிய அந்தக் குரல்தான் இந்தக் குடும்பத்தில் அவளுடைய இடம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

“அடியேய். போன் ஞாபகப்படுத்தும். சொட்டு விடுமா?”

“நீங்கதான் விட்டுக்கறீங்களே.”

“எங்க விட்டுக்கறேன்? மூணு சொட்டுல ரெண்டு கன்னத்துலதான் போவுது. பாட்டிலு பாதி மாசத்துல காலி. கவுண்டர்ல அந்தப் பொண்ணு, ‘அங்கிள், நீங்க கண்ணுக்குப் போடறீங்களா, முகம் கழுவறீங்களா’ன்னு கேக்குது. நீ பிடிச்சா ஒண்ணே ஒண்ணு, உள்ள போயிரும்.”

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சினாள். “இத ஏன் இத்தனை நாள் சொல்லல?”

“சொன்னா நீ ஓடி வந்துருப்ப.”

“இப்ப ஏன் சொல்றீங்க?”

“இப்ப நீ வரணும். மருந்துக்காக இல்ல. மருந்துக்கு அலாரம் இருக்கு. எனக்கு நீ வேணும்.”

இப்படி ஒரு வாக்கியத்தை அவர் வாழ்க்கையில் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில், நாலு பேர் நடுவில், மருந்து வாங்குகிற வரிசையில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார்.

“இவளுக்குத் தையல் ஆறிடுச்சு. அவ மாமியாரும் சனிக்கிழமை வராங்க. ஞாயித்துக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கவா?” என்றாள் மாதவி. அவள் குரலில் பழைய அதிகாரம் வந்துவிட்டது. “நான் வர்ற வரைக்கும் ஒரு வேளை விட்டீங்க, தெரியும்!”

“ஆங், விட மாட்டேன்” என்றார். போனை வைத்தார்.

பக்கத்து நாற்காலியில் கட்டுப் போட்ட கண்ணோடு உட்கார்ந்திருந்த பாட்டி ஒருத்தி அவர் கன்னத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“மருந்து போட்டீங்களா தம்பி? வழியுது பாருங்க.”

சுகுமாறன் கைக்குட்டையைத் தேடிக்கொண்டே, “ஆமாம்மா, இப்பத்தான் போட்டேன்” என்றார்.